பச்சை பஸ்ஸிலிருந்து கூரை மேல் சிறுமி வரை: கணினி படம் வரையக் கற்றுக்கொண்ட பத்து வருடங்கள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது எங்கள் மாத்தளை மாவட்டத்திலும் மண்சரிவுகள் ஏற்பட்டன. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த அந்த நாட்களில் எங்களுக்குச் செய்தி தந்தது பெரும்பாலும் வட்ஸ்அப்தான். அப்போது ஊர்க் குழுமமொன்றில் ஒரு படம் வந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வீட்டின் கூரையில் ஒரு சிறுமி, கையில் நாய்க்குட்டியுடன் அழுதுகொண்டிருந்தாள். பார்த்ததும் மனம் பதறியது. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

என்னிடம் படிக்கும் தரம் 9 மாணவன் ஒருவன்தான் எடுத்துச் சொன்னான். “சேர், பின்னால இருக்கிற கடை போர்டைப் பெரிசாக்கிப் பாருங்க. வாசிக்க ஏலுமா?” பெரிதாக்கிப் பார்த்தேன். தூரத்தில் சிங்களம் போலத் தெரிந்த எழுத்துகளில் ஒன்றுகூட எழுத்தாக இருக்கவில்லை. அந்தச் சிறுமி எங்கேயும் இல்லை. கணினி உருவாக்கிய படம் அது.

ஏமாந்த வெட்கத்தில், இது எப்படிச் சாத்தியமானது என்று தேடி வாசித்தேன். விளங்கியதை வகுப்பில் சொல்வது போல இங்கே எழுதுகிறேன்.

2015இல் கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வசனத்தைக் கொடுத்தால் அதற்கேற்ப படம் வரையும் கணினி நிரலை உருவாக்கினார்கள். அவர்கள் கொடுத்த வசனங்களில் ஒன்று, வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் பாடசாலை பஸ். மஞ்சள் பஸ்ஸைத்தான் நிரல் படித்திருந்தது. நிறத்தை மாற்றிப் பச்சை பஸ் என்று கேட்டபோது, பச்சை நிறத்தில் ஏதோவொரு திட்டு வந்தது. அகலம் 32 புள்ளி, உயரம் 32 புள்ளி, மொத்தம் 1,024 புள்ளிகள். இது பஸ் என்று யாராவது சொன்னால்தான் விளங்கும்.

அது ஏன் மங்கலாக இருந்தது? புள்ளிகள் குறைவு என்பது ஒரு காரணம் மட்டுமே. ஒரு வகுப்பின் நாற்பது பிள்ளைகளின் முகப் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூக்கு இருக்கும் இடமும் கண் இருக்கும் இடமும் தெரியும், ஆனால் யாருடைய முகமும் அதில் இராது. “பஸ்” என்ற சொல்லுக்குப் பொருந்தும் படங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. எதைத் தெரிவு செய்வது என்று அறியாத நிரல், எல்லாவற்றுக்கும் நடுவான ஒன்றைத் தந்தது. சராசரி எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும்.

இதைத் தீர்க்க ஒரு வழியை இயன் குட்ஃபெலோவும் அவருடைய சகாக்களும் 2014இலேயே முன்வைத்திருந்தார்கள். இரண்டு நிரல்களை மோதவிடுவதே அந்த வழி. ஒன்று போலிப் படம் தயாரிக்கும், மற்றது அசலா போலியா என்று சோதிக்கும். மங்கலான படம் உடனே பிடிபட்டுவிடும் என்பதால், தயாரிக்கும் நிரல் தெளிவாக வரையக் கற்றுக்கொண்டது. 2018 ஆகும்போது, உலகில் இல்லாத மனிதர்களின் முகங்கள் 1,024க்கு 1,024 என்ற அளவில் துல்லியமாக வரத் தொடங்கின. ஆனால் அது ஒரே வகைப் படத்தில்தான் கெட்டிக்காரன். முகம் மட்டும் என்றால் நன்றாக வரும். வெள்ளம், வீடு, சிறுமி, நாய் எல்லாம் சேர்ந்த காட்சி என்றால் குழம்பிவிடும்.

பெரிய திருப்பம் வேறொரு வழியில் வந்தது. அலைவரிசை இல்லாத பழைய டீவியில் தெரியும் மணல் மழை நினைவிருக்கிறதா? ஓர் அசல் புகைப்படத்தின் மேல் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, முடிவில் மணல் மட்டுமே தெரியும்படி செய்கிறார்கள். தூவிய மணல் எது என்று கண்டுபிடிக்க நிரலைப் பழக்குகிறார்கள். பழகிய பிறகு, படமே இல்லாத வெறும் மணலைக் கொடுத்து “இதிலிருந்து மணலை நீக்கு” என்கிறார்கள். நீக்க நீக்க, இல்லாத ஒரு படம் வெளிப்படுகிறது. 2020இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஆயிரம் படிகளில் இதைச் செய்து காட்டியது.

இதில் மங்கல் வராததன் இரகசியம் அந்தப் படிகளில் இருக்கிறது. முதல் படியில் நிரலின் ஊகமும் மங்கலான சராசரிதான். ஆனால் அந்த ஊகத்தை அப்படியே ஏற்பதில்லை. அதன் பக்கம் சிறிதளவு நகர்ந்துவிட்டு மறுபடி கேட்கிறார்கள். ஒவ்வொரு முறை நகரும்போதும் சாத்தியங்கள் குறைகின்றன. முதலில் கூரை எங்கே, தண்ணீர் எங்கே என்பது முடிவாகிறது. பிறகு முகம், கடைசியில் கண்ணீர்த் துளி. முடிவில் எஞ்சுவது ஆயிரம் சிறுமிகளின் சராசரி அல்ல, ஒரே ஒரு சிறுமி.

சொல்லுக்கும் படத்துக்கும் உள்ள உறவையும் கற்பிக்க வேண்டியிருந்தது. இணையத்தில் படங்களோடு கிடைக்கும் விபரக் குறிப்புகளே அதற்குப் பாடநூலாயின. 2021இல் வெளியான ஒரு நிரல் அப்படி 40 கோடி சோடிகளைப் படித்திருந்தது. இன்னொரு தடை செலவு. 512க்கு 512 அளவுள்ள வண்ணப் படமொன்றில் 786,432 எண்கள் இருக்கின்றன. அதை 16,384 எண்களாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்திலேயே மணலை நீக்கிவிட்டு, இறுதியில் விரிக்கும் முறை வந்தது. வேலை 48 மடங்கு சிறியதாயிற்று. அந்த முறையில் அமைந்த ஸ்டேபிள் டிஃபியூஷன் 2022 ஓகஸ்டில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பெரிய ஆய்வுகூடத்தில் நடந்த வேலை வீட்டுக் கணினிக்கு வந்தது அப்போதுதான்.

இந்த நிரல்கள் கற்றது தோற்றத்தை, பொருளை அல்ல. அதனால்தான் ஆரம்பத்தில் கைகளில் ஆறு விரல்கள் வந்தன, பெயர்ப்பலகையில் எழுத்து போன்ற கிறுக்கல் வந்தது. ஆனால் விரல்களை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் சரியாகிவிட்டன, சிங்களமும் தமிழும் திருந்தி வருகின்றன. எனக்குக் கைகொடுத்த அந்த போர்டு அடுத்த முறை கைகொடுக்காது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? 2024 மே மாதம் “எல்லாக் கண்களும் ரஃபாவின் மீது” என்ற ஆங்கில வாசகத்தைக் கூடாரங்களால் எழுதிய படத்தை நம்மில் பலர் பகிர்ந்தோம். இன்ஸ்டகிராமில் மாத்திரம் நான்கு கோடிக்கும் அதிகமான தடவை பகிரப்பட்ட அதுவும் கணினி வரைந்ததுதான். அதன் பின்னணியில் மலைகள் நின்றன. ரஃபாவை அறிந்தவருக்கு அங்கே அப்படி மலை இல்லை என்பது தெரியும். அந்தப் படம் ஒரு கோஷம், அதைச் சாட்சியமென்று யாரும் நீட்டவில்லை. கூரை மேல் சிறுமி அப்படி வரவில்லை, நடந்த சம்பவமாக வந்தாள்.

ஆகவே சம்பவமென்று வரும் படத்திடம் கேட்க வேண்டியது, எந்த ஊர், எந்த நாள், எடுத்தது யார் என்பதைத்தான். உண்மையில் நடந்ததாக இருந்தால் அங்கே இன்னொருவரின் போனிலும் வேறு கோணத்தில் ஒரு படம் இருக்கும். கூகுளில் படத்தைக் கொடுத்துத் தேடினால் முதலில் எங்கே வந்தது என்பதும் சில வேளை தெரியும். படத்துக்குள் பதில் இல்லாதபோது வெளியேதான் தேட வேண்டும்.

அந்தச் சிறுமியின் படத்தைக் குழுமத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, மண்ணில் பாதி புதைந்த தன் வீட்டைப் படமெடுத்து ஒரு குடும்பத் தலைவர் அதே குழுமத்தில் போட்டார். அதற்குக் கீழே முதலில் விழுந்த கேள்வி, “இதுவும் ஏஐதானே?” என்பது. அவருடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல். நான் போய்ப் பார்த்தேன், வீடு அந்தப் படத்தில் இருந்தபடியே இருந்தது. அவருக்கு வர வேண்டிய உதவி அந்த ஒரு கேள்வியால் ஒரு நாள் பிந்தியது. அந்தக் கேள்வி எழும்படி செய்தவர்களில் நானும் ஒருவன்.