110 சதுர அடி அறைக்கு எத்தனை டன் ஏசி? ஈபி பில் எவ்வளவு கூடும்?

படுக்கையறைக்கு ஏசி வாங்கப் போனால், "எதுக்கும் ஒன்றரை டன்னாவே போட்டுடுங்க" என்று சொல்லாத ஆள் அபூர்வம். அறை சின்னதாக இருந்தால் இந்த யோசனையைக் கேட்கவே வேண்டாம். ஏன் என்பதை ஓர் அறையை வைத்தே பார்த்துவிடலாம்.

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு. மேலே மொட்டை மாடி. 10க்கு 11 அடி அறை, மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல், படுப்பது இரண்டு பேர். மே மாத இரவு பத்து மணிக்கு இந்த அறைக்குள் வெப்பம் எங்கிருந்து வருகிறது? பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் மட்டுமே சுமார் 700 வாட் வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். மேற்குச் சுவரிலிருந்து 250 வரலாம். கதவு, ஜன்னல் இடுக்குகளில் நுழையும் ஈரக்காற்றைக் குளிர்விக்க 350 வேண்டும். படுத்திருக்கும் இருவரின் உடல் சூடு 200. ஃபேன், விளக்கு எல்லாம் 100க்குள். மொத்தம் 1,600 வாட். மாலை வெயில் ஜன்னலில் நேராக அடிக்கும் நேரத்தில் இது 2,500 வரை போகலாம்.

ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறைக்கே இது தாராளம். மேலே இன்னொரு வீடு இருந்தால் தளத்துக் கணக்கு பெரும்பாலும் கழிந்துவிடும், 0.8 டன்னே போதும். அறை 150 சதுர அடியைத் தாண்டினாலோ, தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தாலோ ஒன்றரை டன்னைப் பற்றி யோசிக்கலாம்.

பெரிய ஏசி சீக்கிரம் குளிரவைக்கும், உண்மைதான். ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அது தொடர்ந்து ஓட வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாத ஒன்றரை டன் ஏசி, சின்ன அறையில் சில நிமிடம் ஓடியதும் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அறை சில்லென்று இருக்கும், பெட்ஷீட் மட்டும் பிசுபிசுக்கும். கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம். இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கும். ஆனால் அந்தக் குறைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. மாறாக, நள்ளிரவு தாண்டியும் கம்ப்ரசர் முழு வேகத்தில் இரைந்துகொண்டே இருந்து, அறை 27 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் ஏசி போதவில்லை, அல்லது சர்வீஸ் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்தது பில். ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. லேபிளில் 640 யூனிட் என்றிருந்தால் மணிக்கு 0.4 யூனிட். இரவு 9 மணி நேரம் வீதம் 60 நாளுக்கு 216 யூனிட். 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் போட்டுக்கொண்டால் இதை ஒட்டி வரும். ஒவ்வொரு டிகிரி குறைக்கும்போதும் சுமார் 6 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த 216 யூனிட்டுக்கு எவ்வளவு? ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2024 ஜூலைக் கட்டணப்படி சுமார் 900 ரூபாய் பில் வரும். அதை 340ஆல் வகுத்து, யூனிட்டுக்கு 2 ரூபாய் 65 காசு, ஆகவே ஏசிக்கு 570 ரூபாய் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். இது தப்பு. முதல் 100 யூனிட் இலவசம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. ஏசியின் யூனிட்டுகள் எல்லாமே மேல்படிகளில்தான் ஏறும்: 400 வரை ஏறக்குறைய நாலே முக்கால் ரூபாய், அதற்கு மேல் 500 வரை ஆறே கால் சொச்சம், அதையும் தாண்டினால் எட்டரை ரூபாய் அளவில். அதோடு மொத்தம் 500ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரை பாதி விலையில் கிடைத்த சலுகையும் போய்விடுகிறது. ஆக 556 யூனிட்டுக்கு பில் 2,500 ரூபாயைத் தொடும். ஏசிக்கு மட்டும் 1,600 ரூபாய், மாதத்துக்கு 800.

இதில் கவனிக்க வேண்டியது கடைசி 56 யூனிட். 500லேயே நின்றிருந்தால் பில் 1,800தான். அந்த 56 யூனிட்டின் விலை மட்டும் 700 ரூபாய். ஓட்டத்தை 9 மணி நேரத்திலிருந்து ஆறரை மணி நேரமாகக் குறைத்தாலே அது மிச்சம். இரவு பத்து மணிக்குப் போட்டு, விடியற்காலை நாலரைக்கு நிற்கும்படி டைமர் வைத்தால் போதும். குளிர்ந்த அறை கொஞ்ச நேரம் தாங்கும்.

லேபிள் கணக்கு உங்கள் அறைக்குப் பொருந்துகிறதா என்று மீட்டரிலேயே பார்க்கலாம். ஒருநாள் ஏசி போடாமல், மறுநாள் போட்டு, இரண்டு நாளும் படுக்கும்போதும் எழும்போதும் ரீடிங் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை 60ஆல் பெருக்கி, ஏசி ஓடாத முந்தைய பில்லின் யூனிட்டோடு கூட்டினால், 500க்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.