சேர்த்து விற்றதா, தானாக விற்றதா?

இணையத்தில் செல்போன் வாங்கியவர்களுக்கு அந்த இடம் பழக்கம்தான். போனைத் தேர்ந்தெடுத்து, முகவரி கொடுத்து, பணம் கட்டப் போகும் நேரத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும்: ‘டெம்பர் கிளாஸ் 300 ரூபாய், இப்போது 249 மட்டும். சேர்க்கவா?’ ஓட்டலில் பில் போடும் முன் ‘வடை சூடா இருக்கு சார்’ என்பார்களே, அதேதான்.

இது பலிக்கிறதா என்று பார்க்கக் கடைகள் வைத்திருக்கும் அளவுகோல் அட்டாச் ரேட். போன் இருந்த நூறு பில்லில் எத்தனையில் கிளாஸும் கூடப் போனது என்பதே அது. ஆர்டர் வரிகளிலிருந்து இதை எடுக்கிறார்கள். பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. அதில் ஆர்டர் எண், பொருள், எண்ணிக்கை, விலை, தள்ளுபடி எல்லாம் இருக்கும். எண்ணும்போதே சறுக்க இடமுண்டு. ஒருவர் இரண்டு கிளாஸ் வாங்கினாலும் அது ஒரு பில்தான். வரிகளை எண்ணினால் விகிதம் வீங்கிவிடும். சார்ஜர் மட்டும் வாங்கியவரை வகுக்கும் எண்ணில் சேர்த்தால் சுருங்கிவிடும்.

இதைச் சரியாகச் செய்த பிறகுதான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. கிளாஸ் உள்ள பில்களின் சராசரியை, இல்லாத பில்களின் சராசரியோடு ஒப்பிட்டால் முன்னது எப்போதும் உயரமாகவே தெரியும். விலை கூடிய போன் வாங்குகிறவர்தான் கிளாஸையும் விரும்பி வாங்குகிறார்; அந்த உயரம் போனுடையது. அதைப் பெட்டியின் சாதனையாகக் கூட்டத்தில் காட்டுவது பல கடைகளில் நடப்பதுதான்.

உண்மை தெரிய ஒரே வழி, சிலருக்குப் பெட்டியைக் காட்டாமல் விடுவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பணம் கட்டும் பக்கத்துக்கு வரும் 10,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறோம். பாதிப் பேர் பெட்டியைப் பார்க்கிறார்கள், மீதிப் பேர் பார்ப்பதில்லை. இரு பக்கமும் 4,000 பேர் பணம் கட்டி முடிக்கிறார்கள் என்று கொள்வோம். பெட்டி பார்த்தவர்களில் 1,200 பேர் கிளாஸ் வாங்கினார்கள். அட்டாச் ரேட் 30 சதவீதம். 249 ரூபாய் வீதம் 2,98,800 ரூபாய், பில்லுக்குச் சுமார் 75 ரூபாய். மார்க்கெட்டிங் ஆட்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பெட்டியே பார்க்காத பக்கத்திலோ 800 பேர் தாங்களாகவே கிளாஸைத் தேடி எடுத்து, முழு 300 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். அது 2,40,000 ரூபாய். ஆக, பெட்டி கொண்டுவந்தது 58,800 மட்டுமே. பில்லுக்கு 15 ரூபாய்கூட இல்லை. எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய 800 பேருக்கும் ஆளுக்கு 51 ரூபாய் தள்ளுபடி போயிருக்கிறது.

இன்னும் ஒரு மாதம் பொறுத்து அதே வாடிக்கையாளர்களின் அடுத்த ஆர்டர்களையும் பார்க்க வேண்டும். பெட்டி பார்க்காதவர்களில் 100 பேர் பிறகு வந்து கிளாஸ் வாங்கினார்கள், பார்த்தவர்களில் 20 பேர்தான் என்றால், இன்னொரு 24,000 ரூபாய் கழிகிறது. அது புது விற்பனை அல்ல, நாளைய விற்பனை இன்றைக்கு நகர்ந்தது. மிச்சம் 34,800, பில்லுக்கு ஒன்பது ரூபாய்க்கும் குறைவு. கிளாஸின் அடக்கவிலையை இன்னும் கழிக்கவில்லை.

இந்த ஒன்பது ரூபாயை மொத்த பில் சராசரியில் தேடினால் கிடைக்காது. போன்கள் 8,000 ரூபாயிலிருந்து 80,000 வரை விற்கும்போது, நாலு பேர் விலை கூடிய போன் வாங்கினாலே சராசரி அதைவிட அதிகமாக ஆடிவிடும். அதனால்தான் துணைப்பொருள் வரிகளை மட்டும் தனியே கூட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் அப்படிக் கூட்டும்போது ஒரு ஆபத்து கண்ணில் படாமல் போகும். பெட்டியைப் பார்த்து எரிச்சலாகி, பணம் கட்டாமலே போனவருக்கு ஆர்டர் வரியே இல்லை. 15,000 ரூபாய் போன் மூன்று விற்காமல் போனாலே, மேலே சொன்ன 34,800 ரூபாய் விற்பனை போயே போச்சு. ஆகவே, பக்கத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் கட்டி முடித்தார்கள் என்பதைத் தனியாக எண்ண வேண்டும். அதிலும் ஒரு சங்கடம்: பக்கத்துக்கு 5,000 பேர் வைத்துப் பார்க்கும்போது நாற்பது ஆர்டர் கூடக் குறைய இருப்பது தற்செயலாகவே நடக்கும். மூன்று போனின் இழப்பைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனைக்குக் கண் போதாது. சோதனையைப் பல மாதம் ஓட்டவேண்டும். அதற்குப் பொறுமை உள்ள கடை குறைவு.

அட்டாச் ரேட்டைத் திடீரென்று உயர்த்த ஒரு குறுக்கு வழியும் உண்டு. பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்துவிடுவது. கேட்காமலே பொருளைக் கூடைக்குள் நுழைக்கும் இந்த வேலையை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள் தடைசெய்கின்றன. ஆர்டர் வரிகளிலும் அது காட்டிக்கொடுக்கும்: போன் வாடிக்கையாளரிடமே இருக்க, கிளாஸ் வரி மட்டும் சில நாளில் ரிட்டர்னாகத் திரும்பி வரும்.