மாற்றத்தின் கணிதம் – 11: மூன்றாவது தீர்வு ஏன் இல்லை?

சென்ற வாரம் எண்ணெயில் மூழ்கிய சுருள்வில்லோடு நிறுத்தியிருந்தோம். ஒரு கிலோ எடை, அதை நடுநிலைக்கு இழுக்கும் வில், அசைவைத் தடுக்கும் எண்ணெய். எடை நடுநிலையிலிருந்து விலகியிருக்கும் தூரத்தை y என்று வைத்து, நியூட்டன் விதியை எழுதி, எண்களைப் பொருத்தியபோது கிடைத்த சமன்பாடு இது:

y'' + 3y' + 2y = 0

y' என்பது வேகம், y'' என்பது முடுக்கம். சமன்பாட்டில் வரும் உயர்ந்த வகைக்கெழு இரண்டாவது என்பதால் இதன் வரிசை இரண்டு.

பொறியியல் முதலாண்டு படித்தவர்களுக்கு இதைத் தீர்க்கும் வழி மனப்பாடம். y = e^(mt) என்று வைத்துப் பார்; m² + 3m + 2 = 0 என்று துணைச் சமன்பாடு வரும்; m-க்கு −1, −2 என்று இரண்டு மதிப்புகள்; ஆகவே விடை A e^(−t) + B e^(−2t). முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்த 'ஆகவே'க்குள் இரண்டு வேறு வேறு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. இந்த இரண்டையும் எப்படிக் கலந்தாலும் தீர்வுதான் என்பது ஒன்று. இவற்றின் கலவையாக இல்லாத தீர்வே கிடையாது என்பது மற்றொன்று. பாடநூல்கள் பலவும் முதல் கூற்றை விளக்கிவிட்டு இரண்டாவதைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்கின்றன. நாம் அடுக்குக்குறி வடிவத்தில் தேடினோம், அந்த வடிவத்தில் இரண்டு கிடைத்தன. வேறு வடிவத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்காது என்று யார் சொன்னது?

முதல் கூற்றுக்கு அதிக நேரம் வேண்டாம். p, q என்ற இரண்டும் தீர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகையின் வகைக்கெழு வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகையே. எனவே p + q-வைச் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் போட்டால், p தரும் பூச்சியமும் q தரும் பூச்சியமும் கூடி மறுபடி பூச்சியமே வரும். p-ஐ ஐந்தால் பெருக்கினாலும் அதே கதைதான். இதுவே மேற்பொருந்துதல் தத்துவம். கூட்டினாலும் எண்ணால் பெருக்கினாலும் தீர்வுகளின் கூட்டத்தை விட்டு வெளியே போக முடியாது. அப்படிப்பட்ட கூட்டத்தைத்தான் வெக்டர் வெளி என்கிறோம்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் தேவை. வலப்பக்கம் பூச்சியமாக இல்லாமல் 1 என்று இருந்தால், இரண்டு தீர்வுகளைக் கூட்டும்போது 2 வந்துவிடும், சமன்பாடு உடைந்துபோகும். சமபடித்தான என்ற சொல் அதற்காக. சமன்பாடு நேரியலாகவும் இருக்க வேண்டும். ஊசலின் சமன்பாட்டில் கோணம் அப்படியே வராது, அதன் சைன் வரும். சைன் 30° என்பது 0.5, அதை இரட்டித்தால் 1. ஆனால் சைன் 60° சுமார் 0.866தான். அதனால் பெரிய வீச்சில் ஆடும் ஊசலின் இரண்டு அசைவுகளைக் கூட்டினால் மூன்றாவது அசைவு கிடைக்காது.

இனி இரண்டாவது கூற்று. மேற்பொருந்துதலால் மட்டும் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. வெளி ஒன்று இருக்கிறது என்று அது சொல்லும். அந்த வெளி எவ்வளவு பெரியது என்று சொல்லாது. அதற்குச் சமன்பாட்டை விட்டு வில்லையே பார்க்க வேண்டும்.

எடையைக் கையில் பிடித்திருக்கிறீர்கள். விடும் நொடியில் உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டவை இரண்டுதான்: எந்த இடத்திலிருந்து விடுகிறீர்கள், எந்த வேகத்தில் தள்ளி விடுகிறீர்கள். முடுக்கத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது; இடமும் வேகமும் தெரிந்ததும் y'' = −3y' − 2y என்று சமன்பாடே அதை நிர்ணயித்துவிடும். வரிசை என்ற எண்ணின் பொருள் இதுதான். வகைக்கெழுக்களின் ஏணியில் எந்தப் படி வரை நமக்குச் சுதந்திரம், எங்கிருந்து சமன்பாட்டின் ஆட்சி என்பதை அது குறிக்கிறது.

ஆகவே இரண்டு சிறப்புத் தீர்வுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, நடுநிலையிலிருந்து ஓர் அலகு தள்ளி, அசையாமல் விடப்பட்டது. அதை u என்போம். மற்றொன்று, நடுநிலையிலேயே இருந்து ஓர் அலகு வேகத்தில் தட்டிவிடப்பட்டது. அது v.

u = 2e^(−t) − e^(−2t)
v = e^(−t) − e^(−2t)

t = 0 என்று போட்டுப் பாருங்கள். u-வின் இடம் 1, வேகம் 0. v-யின் இடம் 0, வேகம் 1. இப்போது யாரோ ஒருவர் எங்கிருந்தோ ஒரு தீர்வைக் கொண்டுவருகிறார். அதன் வடிவம் நமக்குத் தெரியாது. தொடக்கத்தில் அதன் இடம் 3, வேகம் −5 என்பது மட்டும் தெரியும். நாம் 3u − 5v என்ற கலவையை எழுதுகிறோம். கணக்கிட்டால் அது e^(−t) + 2e^(−2t). அதன் தொடக்க இடமும் 3, தொடக்க வேகமும் −5. இரண்டும் ஒன்றேதானா?

இரண்டின் வேறுபாட்டை w என்று வைப்போம். மேற்பொருந்துதலின்படி w-வும் ஒரு தீர்வு. அதன் தொடக்க இடம் 0, தொடக்க வேகம் 0. அதாவது நடுநிலையில், அசைவில்லாமல் விடப்பட்ட எடை. அது தானாகக் கிளம்பி அசையுமா என்பதுதான் கேள்வி. அசையாது என்று எவரும் சொல்வார்கள். ஆனால் அதை நிறுவ வேண்டும், ஆற்றலைக் கொண்டு நிறுவலாம்.

எடையின் இயக்க ஆற்றல் ½w'². வில்லில் சேர்ந்திருக்கும் ஆற்றல் w². இரண்டின் கூட்டுத்தொகையை E என்போம். அது நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று வகையிட்டால் w'(w'' + 2w) வரும். சமன்பாட்டின்படி அடைப்புக்குள் இருப்பது −3w'. எனவே E மாறும் வீதம் −3(w')². இது ஒருபோதும் மிகை எண்ணாகாது. எண்ணெய் ஆற்றலைத் தின்னுமே தவிரக் கொடுக்காது. தொடக்கத்தில் E பூச்சியம். அது கூட முடியாது. வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்பதால் பூச்சியத்துக்குக் கீழேயும் போக முடியாது. ஆக எப்போதும் பூச்சியம். w-வும் எப்போதும் பூச்சியம். வந்தவர் கொண்டுவந்த தீர்வு 3u − 5v-யேதான், மாற்று வேடத்தில்.

3, −5 என்ற எண்களுக்கு இதில் தனிச் சிறப்பில்லை. இடம் a, வேகம் b என்று தொடங்கும் எந்தத் தீர்வும் au + bv. ஒவ்வொரு தீர்வுக்கும் ஒரு ஜோடி எண்கள், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு தீர்வு. பரிமாணம் இரண்டு என்பதன் முழுப் பொருளும் இவ்வளவே. இதில் இரண்டு பக்கங்கள் உண்டு. எந்த ஜோடியைக் கொடுத்தாலும் ஒரு தீர்வு இருப்பதால் பரிமாணம் இரண்டுக்குக் குறையாது. ஒரே ஜோடிக்கு இரண்டு தீர்வுகள் இல்லாததால் இரண்டைத் தாண்டாது. வரிசை n என்றால் தொடக்கத்தில் n எண்கள்: y, y' என்று n−1-ஆவது வகைக்கெழு வரை. கெழுக்கள் தொடர்ச்சியான சார்புகளாகவும், உயர்ந்த வகைக்கெழுவின் கெழு எங்கும் பூச்சியமாகாமலும் இருந்தால் போதும், இதே வாதம் செல்லும். ஆற்றலுக்குப் பதிலாகப் பொதுவான ஒரு நிரூபணம் வேண்டும், அவ்வளவுதான்.

அடுக்குக்குறித் தீர்வுகளை விட u, v ஜோடியே இந்த விஷயத்தின் உயிர் என்று நான் கருதக் காரணம் இருக்கிறது. y'' + 2y' + y = 0 என்ற சமன்பாட்டைப் பாருங்கள். துணைச் சமன்பாடு (m + 1)² = 0. ஒரே ஒரு மூலம், ஒரே ஒரு தீர்வு e^(−t). பரிமாணம் ஒன்றாகிவிட்டதா? இல்லை. இங்கேயும் இடத்தையும் வேகத்தையும் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். e^(−t)-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, நடுநிலையில் தட்டிவிடப்பட்ட எடையின் அசைவை எழுதவே முடியாது. எனவே ஒரு தீர்வு விடுபட்டிருக்கிறது என்று தேடுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

எங்கே தேடுவது? மூலங்களைச் சற்றே பிரித்து −1, −1−h என்று வைத்துப் பார்ப்போம். தட்டிவிடப்பட்ட எடையின் தீர்வு அப்போது (e^(−t) − e^(−(1+h)t)) / h. h = 1 என்று போட்டால் நம் பழைய v வரும். இப்போது h-ஐக் குறையுங்கள். t = 1 என்ற நொடியில், h = 0.1 என்றால் 0.3501; h = 0.01 என்றால் 0.3660. h பூச்சியத்தை நெருங்க நெருங்க அது t e^(−t)-ஐ நெருங்குகிறது; t = 1-இல் அதன் மதிப்பு 0.3679. இரண்டு அடுக்குக்குறிச் சார்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டபோதும் v பிழைத்துக்கொண்டது. 'மூலம் இரட்டித்தால் t-ஆல் பெருக்கு' என்று காரணம் சொல்லாமல் வகுப்பில் கொடுக்கப்படும் விதி இங்கிருந்துதான் வருகிறது. மாறிலிக் கெழுக்கள் கொண்ட சமன்பாடுகளுக்கான இந்த முறையை, இரட்டை மூலங்கள் உட்பட, ஆய்லர் 1743-இல் வெளியிட்டார்.

அடுக்குக்குறிச் சார்பே உதவாத இடங்களும் உண்டு. வானவில்லின் ஒளிச்செறிவை ஆராய்ந்த ஜார்ஜ் ஏரியின் பெயரைத் தாங்கிய y'' = ty என்ற சமன்பாட்டுக்கு, நாம் பள்ளியில் படித்த சார்புகளைக் கொண்டு ஒரு தீர்வைக்கூட எழுத முடியாது (எங்கும் பூச்சியமாக இருக்கும் வெறுந்தீர்வைத் தவிர). ஆனாலும் அதன் தீர்வு வெளியின் பரிமாணம் இரண்டு என்பதில் துளியும் ஐயமில்லை.

அந்த 'பூச்சியமாகாமல்' என்ற நிபந்தனையை அசட்டை செய்தால் என்ன ஆகும்? t y' = 2y என்ற எளிய சமன்பாடு. வரிசை ஒன்று. தீர்வு ct² என்று எழுதி முடித்துவிடுவோம். ஆனால் t = 0-இல் y'-இன் கெழு பூச்சியம்; அந்த நொடியில் சமன்பாடு வேகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதனால் பூச்சியத்துக்கு இடப்புறம் 5t² என்றும் வலப்புறம் −3t² என்றும் எடுத்து ஒட்டலாம். ஒட்டும் இடத்தில் இரண்டின் மதிப்பும் 0, சரிவும் 0. எங்கும் வகையிடத்தக்க, சமன்பாட்டை எங்கும் நிறைவு செய்யும் தீர்வு அது. இடப்புறத்துக்கு ஒரு மாறிலி, வலப்புறத்துக்கு வேறொன்று. வரிசை ஒன்று, பரிமாணம் இரண்டு. அறிகுறி தொடக்க நிபந்தனையிலேயே தெரியும்: y(0) = 1 என்று கேட்டால் தீர்வே இல்லை; y(0) = 0 என்று கேட்டால் எண்ணற்றவை. ஒரு சமன்பாட்டைக் கையில் எடுத்ததும் உயர்ந்த வகைக்கெழுவின் கெழு எங்காவது பூச்சியமாகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஆகுமானால் அந்தப் புள்ளியின் இருபுறத்தையும் தனித்தனியாகவே நடத்த வேண்டும்.

அடுத்த வாரம் வலப்பக்கத்தில் பூச்சியம் இல்லாத சமன்பாடுகளுக்குப் போகிறோம். அதற்குள் y''' − y' = 0 என்பதற்கு, இடம், வேகம், முடுக்கம் மூன்றில் ஒன்று மட்டும் 1-ஆகவும் மற்றவை 0-ஆகவும் தொடங்கும் மூன்று தீர்வுகளையும் எழுதிப் பாருங்கள். முதலாவது மாறிலியாக, அதாவது எங்கும் 1-ஆக வந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள்.