ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும்

திருப்பூரில் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். முதலாளிக்கு நேர்கீழே கணக்கர், மெர்ச்சண்டைசர், புரொடக்ஷன் மேனேஜர் என மூவர். புரொடக்ஷன் மேனேஜருக்குக் கீழே கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், செக்கிங் சூப்பர்வைசர், பேக்கிங் சூப்பர்வைசர். யார் யாருக்குக் கீழே என்று காட்டும் படம் வேண்டுமென்று பையர் கேட்டதும், ஆபீசில் ஒருவர் பவர்பாயின்ட்டில் பெட்டி பெட்டியாக வரைந்து, கோடு இழுத்து அனுப்பிவிடுவார். அன்றைக்கு அந்தப் படம் அழகாகத்தான் இருக்கும்.

ஆறு மாதம் கழித்து புரொடக்ஷன் மேனேஜர் வேலையை விட்டுப் போகிறார். அவர் பெட்டியை அழித்தால் கீழே உள்ள நான்கு பெட்டிகளும் எதிலும் ஒட்டாமல் நிற்கும். பெட்டியை நகர்த்தினாலோ, சில கோடுகள் கூடவே வரும், சில பழைய இடத்திலேயே கிடக்கும். பவர்பாயின்ட்டில் ஒரு கோட்டைச் சொடுக்கினால் இரு முனைகளிலும் சிறு வட்டம் தெரியும். அது பச்சையாக இருந்தால் கோடு பெட்டியோடு ஒட்டியிருக்கிறது. வெள்ளையாக இருந்தால் பக்கத்தில் சும்மா வைத்திருக்கிறார்கள். எல்லா முனையும் பச்சையாக இருந்தாலும், ஆள் மாறும்போதெல்லாம் யாராவது உட்கார்ந்து பெட்டிகளை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

இதற்கு நல்ல வழி, படத்தை வரையாமல் பட்டியலை எழுதுவது. படத்தைக் கூகுள் ஷீட்ஸ் தானே வரைந்துகொள்ளும்.

முதல் வரிசையில் தலைப்புகள். A-யில் எண், B-யில் பதவி, C-யில் பெயர், D-யில் மேலதிகாரியின் எண். இந்த எண் ஆளுக்கு உரியதல்ல, பதவிக்கு உரியது. முதலாளி 1, புரொடக்ஷன் மேனேஜர் 4 என்றால், லைன் சூப்பர்வைசரின் D கட்டத்தில் 4 என்று எழுத வேண்டும். முதலாளியின் D காலியாக இருக்கும். படத்துக்கான எழுத்தை E, F இரண்டு பத்திகளிலும் சூத்திரம் தயாரிக்கும்:

```
E2: =A2&". "&B2&" - "&C2
F3: =VLOOKUP(D3,$A$2:$E$50,5,FALSE)
```

E2-வை எல்லோருக்கும் கீழே இழுத்துவிட வேண்டும். F பத்தியில் முதலாளிக்கு எதிரே காலியாக விட்டு, அடுத்த ஆளிலிருந்து இழுக்கலாம். பிறகு E, F இரண்டையும் தேர்ந்தெடுத்து Insert → Chart போய், Chart type-இல் Organizational chart-ஐச் சொடுக்கினால் படம் வந்துவிடும். Use row 1 as headers என்பதில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பத்தியின் தலைப்பும் ஓர் ஊழியரைப்போலப் பெட்டிக்குள் வந்து உட்காரும்.

பெட்டிக்குள் எண்ணையும் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பெட்டிகளில் ஒரே எழுத்து இருந்தால் ஷீட்ஸால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. சூப்பர்வைசர் வேலை இரண்டு காலியாக இருந்தாலே குழப்பம் வந்துவிடும்.

இப்போது மேனேஜர் போகட்டும். C பத்தியில் அவர் பெயரை அழித்து 'காலி' என்று எழுதினால் போதும். கீழே உள்ள நால்வரும் 4 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் இருப்பார்கள். புது ஆள் வந்ததும் அதே கட்டத்தில் அவர் பெயர். எண்ணுக்குப் பதிலாக மேலதிகாரியின் பெயரையே D-யில் எழுதியிருந்தால் நான்கு இடத்தில் திருத்த வேண்டும். ஓரிடத்தில் இனிஷியலுக்குப் பின் ஒரு புள்ளி விடுபட்டாலும் அந்த ஊழியர் கிளையிலிருந்து அறுந்து தனியே நிற்பார். இல்லாத எண்ணை எழுதினாலோ F கட்டத்தில் #N/A என்று உடனே தெரிந்துவிடும்.

சின்னக் கம்பெனியில் ஒருவரே கணக்கும் பார்த்து, ஆள் எடுப்பதையும் கவனிப்பார். அவருக்கு இரண்டு பதவி, ஆகவே இரண்டு வரிசை. நாளை ஒரு வேலை கைமாறினால் அந்த வரிசை மட்டும் மாறும். பவர்டேபிள் டெய்லர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி வேண்டாம். பன்னிரண்டு பெட்டி பக்கவாட்டில் நீண்டால் A4 தாளில் எழுத்து படிக்கவே முடியாது. B-யில் 'பவர்டேபிள் டெய்லர்கள்', C-யில் '12 பேர்' என்று ஒரே பெட்டியாக வைக்கலாம்.

இந்த முறையில் ஒரு பெட்டிக்கு ஒரே மேலதிகாரிதான். அமெரிக்காவில் 1855-இல் நியூயார்க் அண்ட் ஈரி ரயில்வேயின் நிர்வாகத்தைப் படமாக்கிய டேனியல் மெக்கல்லமும் ஊழியர் தனக்கு நேர்மேலே உள்ளவருக்கே பதில் சொல்ல வேண்டும் என்ற விதியை வைத்திருந்தார். அந்தப் படம் மரம்போல, இயக்குநர்களை வேரில் வைத்து, மேல்நோக்கிக் கிளைத்திருக்கும். ஆனால் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் புரொடக்ஷன் மேனேஜருக்கும் பதில் சொல்வார், மெர்ச்சண்டைசருக்கும் சொல்வார். லீவு கொடுப்பவர் யாரோ, அவர் எண்ணை D-யில் போட வேண்டும். மற்றவரைப் பற்றி B-யில் பதவிக்குப் பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதிவிடலாம். இரண்டு கோடும் படத்தில் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் ஷீட்ஸ் உதவாது. அதற்குக் கையால் வரையும் மென்பொருள்தான் வேண்டும்.