ஜி.ஐ. எண்: 50 கிராம் கணக்கும் நம் சாப்பாட்டுத் தட்டும்

இப்போது அரிசி மூட்டையிலும் சிறுதானியப் பாக்கெட்டிலும் 'லோ ஜி.ஐ.' என்ற சொல்லைப் பார்க்கிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த எண் பொய்யானதல்ல. ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை என்று தெரியாமல் வாங்கினால், நல்ல உணவை ஒதுக்கிவிட்டுக் கெடுதலானதைத் தேர்ந்தெடுக்க நேரும்.

ஜி.ஐ. என்பது கிளைசீமிக் இண்டெக்ஸ் என்பதன் சுருக்கம். கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981-ல் இதை வெளியிட்டார்கள். மாவுச்சத்துள்ள உணவுகள் எல்லாம் ரத்தச் சர்க்கரையை ஒரே மாதிரி ஏற்றுவதில்லை என்பதை அளந்து காட்டுவதே அவர்கள் நோக்கம். 62 உணவுகளைச் சோதித்தார்கள்.

சோதனை நடக்கும் விதம் இது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்த ஒருவருக்குக் காலையில் ஒரே ஓர் உணவைத் தருகிறார்கள். அதில் செரிக்கக்கூடிய மாவுச்சத்து சரியாக 50 கிராம் இருக்கும். நார்ச்சத்து இந்தக் கணக்கில் சேராது. பிறகு இரண்டு மணி நேரம் வரை விரல் நுனியில் பலமுறை குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்து, அது ஏறி இறங்குவதைக் கோடாக வரைகிறார்கள். வேறொரு நாளில் அதே ஆளுக்கு 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இன்னொரு கோடு வரைகிறார்கள். குளுக்கோஸ் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பை 100 என்று வைத்தால், உணவின் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு எவ்வளவோ அதுவே ஜி.ஐ. இப்படிச் சுமார் பத்துப் பேரைச் சோதித்துச் சராசரி எடுப்பார்கள். 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை மிதம், 70-ம் அதற்கு மேலும் அதிகம்.

வெறும் வயிறு, ஒரே உணவு, 50 கிராம் மாவுச்சத்து, சிலருடைய சராசரி. இந்த நான்கு நிபந்தனைகளும் நம் வீட்டுச் சாப்பாட்டில் இல்லை. எண் நம்மைத் தவறான பக்கம் திருப்புவது இந்த இடங்களில்தான்.

முதலில் அளவு. ஜென்கின்ஸின் முதல் பட்டியலில் கேரட்டுக்கு 92 என்று போட்டிருந்தது. பிற்காலச் சோதனைகளில் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 92 என்றே வைத்துக்கொண்டாலும், 50 கிராம் மாவுச்சத்து கிடைக்க முக்கால் கிலோ அளவுக்குக் கேரட் சாப்பிட வேண்டும். பொரியலில் நாம் தின்பது கைப்பிடி அளவு. தர்ப்பூசணியும் அப்படித்தான்: ஜி.ஐ. சுமார் 76, ஆனால் 100 கிராம் பழத்தில் மாவுச்சத்து 7 கிராம்தான், மற்றது பெரும்பாலும் தண்ணீர்.

இந்தக் குறையைச் சரிசெய்ய வந்ததுதான் கிளைசீமிக் லோடு. சாப்பிடும் உணவில் உள்ள மாவுச்சத்தின் கிராமை ஜி.ஐ.யால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். 150 கிராம் தர்ப்பூசணியில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து. லோடு 8-க்குள் அடங்கிவிடும்.

இதையே சோற்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் நடந்த ஆய்வில் பொன்னி அரிசியின் ஜி.ஐ. 70 என்று வந்தது. 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். ஒருவர் 200 கிராம் பொன்னிச் சோறு சாப்பிட்டால் 56 கிராம் மாவுச்சத்து, லோடு 39. இன்னொருவர் 55 என்று அச்சிட்ட அரிசியை வாங்கி, 'இது சர்க்கரைக்கு நல்லது' என்ற தைரியத்தில் 300 கிராம் சாப்பிடுகிறார். அவருக்கு 84 கிராம் மாவுச்சத்து, லோடு 46. விலை அதிகமான அரிசியைத் தின்றவருக்குத்தான் சுமையும் அதிகம். அதே அரிசியை அவரும் 200 கிராமோடு நிறுத்தியிருந்தால் லோடு 31 ஆகியிருக்கும். அரிசியை மாற்றுவதால் பயன் உண்டு. அளவு கூடாமல் இருந்தால் மட்டும்.

அடுத்து, உணவு என்ன வடிவத்தில் தட்டுக்கு வருகிறது என்பது. முழுத் தானியத்தின் மாவுச்சத்து உமிக்கு அடுத்த உறைக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. செரிக்க நேரம் எடுக்கும். அதையே மைய அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் குடல் வேகமாக உறிஞ்சிவிடுகிறது. அதனால் முழுத் தினைக்கோ கேழ்வரகுக்கோ சொல்லும் எண், அதன் மாவில் செய்த உடனடிக் கஞ்சிக்குப் பொருந்தாது. கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதும் அப்படியே. பருப்பு, முட்டை, கீரை, கூட்டு சேர்ந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. அதே சோறு சர்க்கரையை மெதுவாக ஏற்றுகிறது.

மூன்றாவதுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது: ஜி.ஐ. குறைவு என்றால் நல்ல உணவு என்று நினைப்பது. உலகளாவிய பட்டியலில் வேகவைத்த உருளைக்கிழங்குக்குச் சுமார் 78, உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு 56. சிப்ஸின் எண் குறைந்ததற்கு முக்கியக் காரணம் எண்ணெய். கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துகிறது. குளிர்பானத்துக்கு 59, தர்ப்பூசணிக்கு 76. எண்ணை மட்டும் பார்த்தால் பழத்தைவிடக் குளிர்பானம் மேல் என்று ஆகிவிடும். நாம் போடும் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அது பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய்விடுவதால் ரத்தக் குளுக்கோஸை அதிகம் ஏற்றுவதில்லை. எண் குறைவாகத் தெரிகிறது. ஆனால் அளவுக்கு மீறினால் கல்லீரலில் கொழுப்பு சேர்வதற்கு அதே ஃப்ரக்டோஸ் துணைபோகிறது. ஜி.ஐ. இதைச் சொல்லாது. உப்பு, கலோரி, விட்டமின் எதையும் சொல்லாது.

கடைசியாக, சராசரி என்பது நீங்கள் அல்ல. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 63 பேருக்கு ஒரே வகை வெள்ளை ரொட்டியைக் கொடுத்துப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். சராசரி 62 வந்தது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தபோது அதே ரொட்டி சிலருக்குக் குறைவு, சிலருக்கு மிதம், சிலருக்கு அதிகம் என்று மூன்று பிரிவிலும் விழுந்தது. ஒரே ஆளுக்கே வெவ்வேறு நாளில் வெவ்வேறு அளவு வந்தது.

அப்படியானால் ஜி.ஐ.யை எதற்குப் பயன்படுத்தலாம்? ஒரே வகை உணவுக்குள் ஒப்பிட: இந்த அரிசியா அந்த அரிசியா, மைதா ரொட்டியா சப்பாத்தியா என்று பார்க்க. காய்க்கும் பழத்துக்கும் குளிர்பானத்துக்கும் சிப்ஸுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல அது உதவாது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நேரடியாகவே பாருங்கள். முதல் வாய் வைப்பதற்கு முன் ஒருமுறை, அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. அதே சாப்பாட்டை வேறு சில நாட்களிலும் சோதித்துக் குறித்து வையுங்கள். பிறகு சோற்றைக் குறைத்து, கூட்டைக் கூட்டிப் பாருங்கள். குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள், மாத்திரையை நீங்களாக மாற்றாதீர்கள். அடுத்த முறை கடையில் 'லோ ஜி.ஐ.' மூட்டையை எடுக்கும்போது, அதைத் தட்டில் எவ்வளவு போடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.