ஒரே கரும்பலகையில் பத்தாம் வகுப்பும் ப்ளஸ் டூவும்

மாலை ஆறு முதல் எட்டு வரை கணக்கு டியூஷன். பத்தாம் வகுப்பில் ஐந்து பேர், ப்ளஸ் டூவில் மூன்று பேர். இரு தரப்புக்கும் மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. கற்றுத்தர ஒருவர்தான், கரும்பலகையும் ஒன்றுதான். இப்படிப்பட்ட வகுப்பில் நேரம் தானாகவே ப்ளஸ் டூ பக்கம் சாய்ந்துவிடும். தொகை நுண்கணிதத்தில் ஒரு கணக்கைத் தொட்டாலே அரை மணி ஓடிவிடும். அதுவரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் திட்டம் போடும்போது, ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும் நேரத்தில் மற்ற வகுப்பு என்ன செய்யும் என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டும். அந்த வேலை யாருடைய உதவியும் இல்லாமல் முப்பத்தைந்து நிமிடம் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புக்கு அப்படியொரு வேலை வினாத்தாளிலேயே இருக்கிறது. 100 மதிப்பெண்ணில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இவற்றோடு ஒரு மதிப்பெண் வினாக்கள் 14-ஐயும் சேர்த்தால் 30 ஆகிறது. தேர்ச்சிக்கு வேண்டியது 35. கணக்கென்றாலே பயப்படும் பிள்ளையும் இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் கரையை நெருங்கிவிடலாம். மூன்றுமே தனியாக உட்கார்ந்து செய்து பழக வேண்டியவை.

இதை வைத்து இரண்டு மணி நேரத்தைப் பிரிக்கலாம். முதல் கால் மணி இரு வகுப்புக்கும் ஒரு மதிப்பெண் தேர்வு. நோட்டை மாற்றிக்கொண்டு அவர்களே திருத்துவார்கள். 6.15 முதல் 6.50 வரை ப்ளஸ் டூவுக்குப் பாடம். பத்தாம் வகுப்பு ஒரு வடிவியல் படமோ வரைபடமோ போடும். ஐந்து நிமிட இடைவேளைக்குப் பிறகு 7.30 வரை பத்தாம் வகுப்புக்குப் பாடம். அப்போது ப்ளஸ் டூ பிள்ளைகள் முந்தைய நாள் நடத்திய ஐந்து மதிப்பெண் கணக்குகளைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதுவார்கள். கடைசி அரை மணி, ஒவ்வொருவரின் நோட்டையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு.

நடுவில் சந்தேகம் வந்தால் நோட்டின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போக வேண்டும். பாடத்தை நிறுத்திப் பதில் சொல்ல ஆரம்பித்தால் இரு வகுப்புக்கும் நேரம் போய்விடும்.

சில பாடங்களை இரு வகுப்புக்கும் சேர்த்தே நடத்தலாம். மூன்று மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகள் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் உண்டு. ப்ளஸ் டூ முதல் பாடத்திலும் உண்டு. பலகையில் ஒரே கணக்கை எழுதுவோம்:

x + y + z = 6
x − y + z = 2
2x + y − z = 1

பத்தாம் வகுப்பு நீக்கல் முறையில் போடும். முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 2y = 4, அதாவது y = 2. இதை முதல் சமன்பாட்டில் போட்டால் x + z = 4; மூன்றாவதில் போட்டால் 2x − z = −1. இரண்டையும் கூட்டினால் 3x = 3. ஆக x = 1, z = 3. ப்ளஸ் டூ இதையே கிராமர் விதியில் போடும். Δ = 6, Δx = 6, Δy = 12, Δz = 18. வகுத்தால் அதே 1, 2, 3 கிடைக்கிறது. விடை ஒத்துப்போகவில்லை என்றால் யாருடைய குறி எந்த வரியில் மாறியது என்று அவர்களே தேடுவார்கள். ப்ளஸ் டூ மாணவர் அணிக்கோவையை விரிக்கும்போது நடு உறுப்புக்குக் குறை போட மறப்பது பெரும்பாலும் இந்தத் தேடலில்தான் பிடிபடும்.

திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்பதைத் தனியாகச் செய்த வேலையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். வடிவியலில் உதவிப்படம் இல்லாமல் நேராக முடிந்த படம் மட்டும் இருந்தால், அது பார்த்து வரைந்தது. வில்கள் வெட்டவேண்டிய இடத்தில் வெட்டவில்லை என்றால் காம்பஸின் திருகைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் வரையும்போதே ஆரம் மாறிவிடும். ப்ளஸ் டூ நோட்டில் விடை சரியாக இருந்து இடையில் இரண்டு வரி காணாமல் போயிருந்தால், கணக்கை மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு இரண்டு வகுப்புக்கும் ஒரே பாடத்துக்கும்தான் தாங்கும். பதினொன்றாம் வகுப்பும் சேர்ந்தால் ஒவ்வொரு வகுப்புக்கும் கிடைப்பது இருபது நிமிடத்துக்கு மேல் இருக்காது. அப்போது நாளைப் பிரித்துக்கொள்வதே வழி. பள்ளியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும் புதுப்பாடத்தை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணி நேரம் முழுத் தாள் எழுதவைக்க வேண்டும். எந்தப் பகுதியில் யாருக்கு நேரம் போதவில்லை என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும். அடுத்த வாரத்தின் தனி வேலையை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.