முதல் நாலு சொல்லில் சரக்கு

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள்கிழமை மாலை களைகட்டத் தொடங்கி, செவ்வாய் வரை நடக்கும். வாங்கிய பண்டல் கடைக்கு வந்து சேர்ந்து, பிரித்து, நாலு சேலையை விரித்துப் படம் எடுத்ததும் சின்னக் கடைக்காரர்கள் போனைக் கையில் எடுப்பார்கள். 'நியூ ஸ்டாக்' சேதி வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் பறக்கும். அதே வாடிக்கையாளருக்கு அதே நேரத்தில் வேறு கடைகளிலிருந்தும் சேதிகள் வந்து இறங்கும்.

எல்லாவற்றையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. சாட் பட்டியலில் கடைப் பெயருக்குக் கீழே தெரிகிற துண்டு வாசகத்தைப் பார்த்துவிட்டு விரல் அடுத்ததற்குப் போய்விடும். ஆண்ட்ராய்டு போனில் அந்தத் துண்டு ஒரு வரி, ஐபோனில் இரண்டு வரி. தமிழ் எழுத்து அகலமானது என்பதால் ஒரு வரியில் நாலு சொல் தெரிந்தாலே பெரிது. கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் அத்தைகளுக்கு மூன்று சொல்தான்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். செட்டிநாடு காட்டன் சேலை எட்டுக் கலரில் வந்திருக்கிறது, விலை 750 ரூபாய், பிளவுஸ் கிடையாது. கடைக்காரர் வழக்கமாக இப்படித்தான் எழுதுவார்:

"🙏🌸 அன்பார்ந்த வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இனிய காலை வணக்கம்! நமது கடையில் உங்கள் மனம் கவரும் வகையில் புத்தம் புதிய செட்டிநாடு காட்டன் சேலைகள் வந்து இறங்கியுள்ளன..."

வாடிக்கையாளரின் பட்டியலில் இதில் தெரிவது, "🙏🌸 அன்பார்ந்த வாடிக்கையாளர்கள்..." மட்டும். சேலையா, மிக்ஸியா, கோயில் திருவிழா அழைப்பா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பண்பாகத் தொடங்க வேண்டும் என்கிற எண்ணம் நல்லதுதான்; ஆனால் அந்த வணக்கம் சேலை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. தமிழ் வாக்கியத்துக்கு வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்பது இன்னொரு இடைஞ்சல். வாக்கியம் நீள நீள, 'வந்திருக்கிறது' என்கிற சேதியே திரைக்கு வெளியே போய்விடுகிறது. அதனால் முதல் வாக்கியம் குட்டையாக இருந்தே ஆக வேண்டும்.

"செட்டிநாடு காட்டன் ₹750 வந்தாச்சு. 8 கலர், பிளவுஸ் இல்லை. சிங்கிள்ஸ் கிடைக்கும், கூரியர் தனி. படத்தில் இருக்கும் நம்பரை அனுப்புங்க. வணக்கம் 🙏"

இதில் வணக்கம் தொலைந்துபோகவில்லை, கடைசிக்கு நகர்ந்திருக்கிறது. முதல் இரண்டு சொல் சரக்கின் பெயர், அடுத்தது விலை, அதற்கடுத்தது வந்த சேதி. வரி எந்த இடத்தில் வெட்டுப்பட்டாலும் மிஞ்சுவது உபயோகமானதாக இருக்கும். 'பிளவுஸ் இல்லை' என்பதை ஏன் இவ்வளவு முன்னால் வைக்க வேண்டும்? எப்படியும் வரப்போகும் முதல் கேள்வி அதுதான்.

கடைப் பெயரை முதல் வரியில் எழுதுவதும் வீண்தான், அதற்குக் காரணம் உண்டு. பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பும் சேதி, கடையின் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே சேதி கிடைக்கும் ஒவ்வொருவர் திரையிலும், அவர் சேமித்த பெயர் மேலே தடித்த எழுத்தில் இருக்கும். அதையே கீழே மறுபடி எழுதினால் நாலு சொல்லில் இரண்டு காலி. ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். 256 பேரைச் சேர்த்துவிட்டு, பாதிப் பேர் எண்ணையே சேமிக்கவில்லை என்பது தெரியாமல் மாதக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பில் போடும்போதே "நம்ம நம்பரை சேவ் பண்ணிக்கங்க" என்று சொல்லும் கடைக்காரர் விவரமானவர்.

எழுத்தைச் சரி செய்தாலும் படம் கெடுத்துவிடும். பட்டியலில் தெரிவது எப்போதும் கடைசியாக வந்த சேதிதான். அழகாக ஒரு வாசகம் எழுதி அனுப்பிவிட்டு, பின்னாலேயே எட்டுப் படத்தைத் தலைப்பில்லாமல் தள்ளினால், வாடிக்கையாளர் பார்ப்பது ஒரு கேமரா சின்னமும் 'போட்டோ' என்ற சொல்லும்தான். எழுதியது முழுக்க அந்தப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். வாய்ஸ் நோட் அனுப்பினால் மைக் சின்னமும் நேரமும் தெரியும். லிங்கை முதலில் ஒட்டினால் அதன் எழுத்துகளே வரியை அடைத்துக்கொள்ளும். எட்டுப் படத்தையும் முதலில் அனுப்பிவிட்டு, வாசகத்தைக் கடைசியில் விடுவது ஒரு வழி. அதைவிட நல்லது, எட்டுக் கலரையும் வரிசையாக மடித்து அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் நம்பர் சீட்டு வைத்து ஒரே படமாக எடுத்து, அதற்கு அடியிலேயே வாசகத்தை எழுதுவது. போன் எட்டு முறை 'டிங்' அடிக்காது என்பது கூடுதல் புண்ணியம். அந்தச் சத்தத்துக்கு எரிச்சல்பட்டுத்தான் பலர் கடையை மியூட்டில் போடுகிறார்கள்.

விலையை முன்னால் போடுவதில் கடைக்காரர்களுக்கு ஒரு நியாயமான தயக்கம் உண்டு. அவர்களிடம் வாங்கி, தங்கள் லாபத்தை வைத்து விற்கும் ரீசெல்லர்கள் படத்தை அப்படியே முன்னனுப்புவார்கள். விலை எழுதியிருந்தால் அவர்கள் பிழைப்பு கெடும். இதற்காக எல்லோருக்கும் "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்று எழுதுவது சோம்பேறித்தனம். நேரடி வாடிக்கையாளர் கேட்டுக் காத்திருக்க மாட்டார், அடுத்த கடைக்குப் போவார். லிஸ்ட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே சரி. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் ஒவ்வொருவருக்கும் லேபிள் போட்டு வைக்க முடியும் என்பதால் பிரிப்பது கடினமில்லை. ரீசெல்லருக்குப் போகும் படத்தில் விலை இருக்காது. "செட்டிநாடு காட்டன், ரெடி ஸ்டாக், 40 பீஸ்" என்று வாசகம் தனியாகத் தொடங்கும். விலையைவிட, இன்றே அனுப்ப முடியுமா, எத்தனை பீஸ் இருக்கிறது என்பதே அவருக்கு முக்கியம்.

அனுப்பியது வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்தச் சேதியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ'வைத் திறந்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார் என்று பெயர் பெயராகத் தெரியும். நாலைந்து முறை அனுப்பியும் ஒருமுறைகூடப் போய்ச் சேராதவர் அநேகமாக எண்ணைச் சேமிக்காதவர், இல்லையென்றால் தடுத்து வைத்தவர். 'படித்தார்' கணக்கை மட்டும் முழுக்க நம்பக் கூடாது. நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர் அதில் வரமாட்டார். வாசகம் தெளிவாக இருந்தால், காட்டன் வேண்டாதவர் வெளியிலிருந்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டு திறக்காமலே போய்விடுவார். படித்தோர் எண்ணிக்கை குறையக்கூடச் செய்யும். வணக்கத்தில் தொடங்கும் சேதியைச் சிலர் என்னவென்று தெரியாமல் திறந்து பார்ப்பதால் அதன் கணக்கு ஏறியிருக்கலாம். ஒவ்வொரு சேதிக்கும் எத்தனை பேர் சேலை நம்பரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று கல்லாப்பெட்டி நோட்டில் எழுதி வைத்தால், எந்த வாசகம் விற்றது என்பது அதில் தெரியும். கடைக்காரர் பார்க்க வேண்டிய கணக்கு அதுதான்.